பைசெப்ஸுக்கும் முழங்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணு வருஷமா விடாம கர்ல் பண்றேன். கை தடிச்சிருக்கு. ஆனா முழங்கைப் பக்கத்துல இருக்கிற பள்ளம் மட்டும் அப்படியே இருக்கு. எங்கே தப்பு பண்றேன்?

தப்பு எதுவும் இல்லை. அந்த இடத்தில் வளர்வதற்குச் சதையே இல்லை.

ஒரு தசை எலும்பிலிருந்து எலும்பு வரை முழுக்கச் சதையாக இருப்பதில்லை. நடுவில் சுருங்கக்கூடிய சிவப்புச் சதை. அதன் இரு முனைகளிலும் வெள்ளைக் கயிறு மாதிரியான தசைநாண். சுருங்குவதும் பயிற்சியால் தடிப்பதும் சதைப்பகுதிதான். தசைநாண் அந்த இழுப்பை எலும்புக்குக் கடத்துகிறது. பயிற்சியால் அது விறைப்பாகும், கொஞ்சம் தடிக்கவும் செய்யும், ஆனால் சதையாக மாறாது.

மேல்கையின் நீளத்தில் சதை எவ்வளவு, நாண் எவ்வளவு என்ற பங்கீடு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் பைசெப்ஸின் சதை முழங்கை மடிப்பைத் தொடும் அளவுக்கு இறங்கி வரும். இன்னொருவருக்கு மூன்று விரல் மேலேயே நின்றுவிடும். மிச்சத் தூரத்தை நாண் நிரப்பும். உங்கள் கையில் தெரியும் பள்ளம் அந்த நாண் ஓடும் பாதை. வளர்ந்த ஓர் ஆளுக்கு இந்த எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் அளவில் நகர்வதில்லை. சதை அந்த எல்லைக்குள்ளேதான் புடைக்கும்.

ஜிம்ல "உனக்கு இன்சர்ஷன் மோசம்"னு சொல்றாங்க. அதுவும் இதுவும் ஒண்ணுதானா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் குழப்பத்துக்காகத்தான். ஒரே வார்த்தையால் இரண்டு வேறு இடங்களைச் சொல்கிறார்கள்.

முதல் இடம், சதை முடிந்து நாண் தொடங்கும் இடம். கண்ணாடியில் தெரிவது இது. கை நிறைந்து தெரிகிறதா, பள்ளம் விழுகிறதா, சுருக்கும்போது உருண்டையாக எழுகிறதா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

இரண்டாவது இடம், நாண் கடைசியில் எலும்பைப் பிடிக்கும் இடம். பைசெப்ஸுக்கு இது முழங்கை மடிப்பைத் தாண்டி, முன்கைக்குள்ளே, கட்டைவிரல் பக்கம் ஓடும் ரேடியஸ் எலும்பின் மேல்முனை அருகில் உள்ள ஒரு சிறு மேடு. தோலுக்கு மேலிருந்து அது எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. எவ்வளவு எடையை மடக்கித் தூக்க முடியும் என்பதில் பங்கு இந்த இடத்துக்குத்தான்.

இரண்டும் தனித்தனியாக மாறக்கூடியவை. சதை மேலேயே நின்றுவிட்ட ஒருவருக்கு நாண் முழங்கையிலிருந்து தள்ளி ஒட்டியிருக்கலாம். கை ஒல்லியாகத் தெரிந்தாலும் நெம்புகோல் நன்றாக இருக்கும். சதை கீழ்வரை நிறைந்தவருக்கு நாண் மூட்டுக்குக் கிட்டவே ஒட்டியிருக்கலாம். பள்ளத்தைப் பார்த்து ஒருவரின் நெம்புதிறனைக் கணிப்பவர் கதவின் நிறத்தை வைத்துக் கீல் எங்கே என்று சொல்கிறார்.

விரல் வெச்சுப் பார்க்கிற சோதனையை எப்படிச் சரியாப் பண்றது?

மேல்கையைத் தரைக்குக் கிடையாக நீட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். பைசெப்ஸை நன்றாக இறுக்குங்கள். முழங்கை மடிப்புக்கும் சதை எழும் இடத்துக்கும் நடுவில் மற்றக் கையின் விரல்களைப் பக்கம் பக்கமாக வையுங்கள். ஒரு விரல்கூட நுழையச் சிரமப்பட்டால் சதை நீளம். இரண்டு விரல் என்றால் சாதாரணம். மூன்றுக்கு மேல் தாராளமாக நுழைந்தால் குட்டை.

இதில் ஏமாறுவதற்கு வழிகள் நிறைய. செங்கோணத்துக்கு மேல் மடக்கினால் முன்கைச் சதை வந்து முட்டி இடைவெளியை மறைத்துவிடும். உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பினால் ரேடியஸ் எலும்பு உருண்டு, நாண் அதன்மேல் சுற்றிக்கொண்டு சதையைக் கீழே இழுக்கும். இடைவெளி குறைந்து தெரியும். உள்ளங்கையை முகத்துக்குத் திருப்பும்போது அந்தச் சுற்று அவிழ்ந்து சதை மேலே ஏறும். ஆகவே ஒருவர் கையை ஒரு நிலையிலும் மற்றவர் கையை இன்னொரு நிலையிலும் வைத்து எடுத்த இரண்டு புகைப்படங்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

இன்னொன்று, மேல்கையின் நீளம். சிறிய மேல்கையில் இரண்டு விரல் இடைவெளி என்பது பெரிய பங்கு. நீண்ட மேல்கையில் அது ஒன்றுமே இல்லை. தோலடிக் கொழுப்பு கூடுதலாக இருந்தால் எல்லை மங்கிவிடும். தோராயமாக எந்த வகை என்று தெரிந்துகொள்ள மட்டும் இந்தச் சோதனை உதவும்.

நாண் ஒட்டுமிடம் கொஞ்சம் தள்ளி இருந்தா அவ்வளவு வித்தியாசம் வருமா? மில்லிமீட்டர் கணக்குதானே?

மில்லிமீட்டர் கணக்குதான். ஆனால் மொத்தத் தூரமே சில சென்டிமீட்டர்தான் என்பதால் அந்த மில்லிமீட்டருக்குக் கனம் அதிகம்.

மூட்டின் சுழல் மையத்திலிருந்து நாண் இழுக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்கும் தூரத்தை இங்கே நெம்புதூரம் என்று சொல்கிறேன். முழங்கை செங்கோணத்தில் இருக்கும்போது பைசெப்ஸுக்கு இது சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர். கை நீட்டியிருக்கும்போது நாண் எலும்பை ஒட்டியே ஓடுவதால் இது வெகுவாகக் குறைந்துவிடும்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் 10 கிலோ டம்பெல்லைச் செங்கோணத்தில் பிடித்து நிற்கிறார்கள். இருவருக்கும் முழங்கை மையத்திலிருந்து உள்ளங்கை வரை 35 சென்டிமீட்டர். டம்பெல் முன்கையைக் கீழே திருப்பப் பார்க்கும் அளவு 10 × 35 = 350. முன்கையும் கையும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ, அதன் எடை மையம் 16 சென்டிமீட்டர் தூரத்தில் என்று வைத்தால் இன்னொரு 24. மொத்தம் 374. இதைச் சமாளிக்கும் இழுப்பை, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, பைசெப்ஸ் மீது மட்டும் போடுகிறேன். நிஜத்தில் அதன் அடியில் இருக்கும் பிரேக்கியாலிஸும் முன்கையின் பிரேக்கியோரேடியாலிஸும் கை கொடுக்கும்.

முதலாமவருக்கு நெம்புதூரம் 4 சென்டிமீட்டர்: 374-ஐ 4-ஆல் வகுத்தால் 93.5. அதாவது வெறும் 10 கிலோவைத் தாங்க அவருடைய தசை தொண்ணூற்று மூன்றரைக் கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். இரண்டாமவருக்கு 5 சென்டிமீட்டர்: 75 கிலோவுக்குச் சற்றுக் குறைவு போதும். தசையிலிருந்து கேட்கப்படும் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம், வெறும் ஒரு சென்டிமீட்டரால்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். இருவர் தசையும் சரியாக ஒரே அளவு, 83 கிலோ, இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் பிடித்து நிற்கக்கூடியது 8.8 கிலோ. இரண்டாமவர் 11.2 கிலோ. ஒரே சதை, ஒரே பயிற்சி, ஒரே முனைப்பு. பக்கத்தில் நின்று பார்க்கிறவர் இரண்டாமவர் "நல்லா உழைக்கிறார்" என்பார்.

இப்போது இரண்டாமவருக்கு முன்கை 35-க்குப் பதில் 40 சென்டிமீட்டர் என்று மாற்றுங்கள். அவர் பிடிக்கும் எடை ஏறக்குறைய 9.7 கிலோவுக்கு இறங்கிவிடும். நாண் தந்த லாபத்தில் பாதிக்கு மேல் எலும்பு நீளம் எடுத்துக்கொண்டது. அதனால்தான் தூக்கும் எடையை வைத்து ஒட்டுமிடத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன். முன்கை நீளம் கூடவே கலந்து நிற்கிறது. அதிலும் பெரிய எலும்புக்காரர்களுக்கு நெம்புதூரமும் முன்கையும் சேர்ந்தே நீளும் என்பதால் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

அப்போ நாண் தள்ளி ஒட்டியிருக்கிறவங்களுக்கு எல்லாத்துலயும் லாபம்தானே?

நெம்புகோல் இலவசமாக எதையும் தராது. நெம்புதூரம் 4 சென்டிமீட்டராக இருந்தால், தசை 1 சென்டிமீட்டர் சுருங்கும்போது முழங்கை சுமார் 14 பாகை மடங்கும். 5 சென்டிமீட்டராக இருந்தால் பதினொன்றரைப் பாகைதான். ஆக, இரண்டாமவரின் தசை அதே கோணத்தை அடைய அதிகமாகச் சுருங்க வேண்டும். வேகமாக வீசும் அசைவுகளில் அது அதிக வேகத்தில் சுருங்க வேண்டியிருக்கும். தசை வேகமாகச் சுருங்கச் சுருங்க அதன் இழுவிசை குறையும். அதனால் மெதுவாகக் கனம் தூக்குவதில் லாபமாக இருந்த அந்தச் சென்டிமீட்டர், எறிவது, குத்துவது போன்ற வேலைகளில் நஷ்டமாகவும் மாறலாம்.

கணுக்காலில் இது அளந்தே பார்க்கப்பட்டிருக்கிறது. குதிகால் நாணின் நெம்புதூரம் விரைவோட்ட வீரர்களுக்கு, அதே உயரமுள்ள மற்றவர்களைவிட, சுமார் 25 சதவீதம் குறைவாக இருந்ததாக 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பார்வைக்குத் தலைகீழாகத் தோன்றும். தரையை உதைக்க நெம்புதூரம் அதிகம் வேண்டாமா? வேண்டாம். கால் தரையில் இருக்கும் அந்தக் கணநேரத்தில் கணுக்கால் மிக வேகமாகத் திரும்புகிறது. நெம்புதூரம் குறைவாக இருந்தால் தசை மெதுவாகச் சுருங்கினால் போதும், அதன் விசை சிதையாது. நெடுந்தூர ஓட்டத்திலும் குதிகால் நாணின் நெம்புதூரம் குறைந்தவர்கள் அதே வேகத்தில் குறைவான ஆக்ஸிஜனைச் செலவிடுகிறார்கள் என்று வேறு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். குறைந்த நெம்புதூரத்தில் நாண் கூடுதலாக இழுபட்டு, ரப்பர் போலச் சக்தியைச் சேமித்துத் திருப்பித் தருவதுதான் அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

நெம்புதூரம் குறைந்த அதே ஆளைக் கனமான எடையோடு மெதுவாகக் குதிகால் உயர்த்தச் சொன்னால் சிரமப்படலாம். எது நல்ல ஒட்டுமிடம் என்பது என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

சதை நீளமா இருந்தா பலமும் அதிகம்னு அர்த்தமா?

நாணின் முனையில் எவ்வளவு விசை வரும் என்பதைத் தீர்மானிப்பது தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு. பக்கம் பக்கமாக எத்தனை இழைகள் இழுக்கின்றன என்பதுதான் கணக்கு. இழையின் நீளம் கூடினால் அது சுருங்கக்கூடிய தூரமும் வேகமும் கூடும். கயிறு இழுக்கும் போட்டியில் அணியில் ஆள் கூடினால் இழுப்பு கூடும்; கயிறு நீளமானால் கூடாது.

தோற்றத்துக்கு நீளம் நிச்சயம் உதவும். 16 சென்டிமீட்டர் சதையும் 20 சென்டிமீட்டர் சதையும் ஒரே தடிமனுக்கு வளர்ந்தால், நீளமானதில் 25 சதவீதம் சதை கூடுதல். அதே வடிவ விகிதத்தில், அதாவது நீளத்துக்கேற்பத் தடிமனும் கூடி வளர்ந்தால், கன அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாட்டிலஸ் எந்திரங்களை உருவாக்கிய ஆர்தர் ஜோன்ஸ், ஒரு தசை எவ்வளவு பெரிதாகும் என்பதை அதன் சதை நீளமே தீர்மானிக்கிறது என்று 1970-களில் ஓயாமல் வாதிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது என் கணிப்பு. நீண்ட சதைக்கு இடம் அதிகம். ஆனால் தடிமன் நீளத்தோடு அச்சு மாறாமல் சேர்ந்து வளரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. குட்டைச் சதையோடு மலைபோல் தடித்த கைகளையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு நடுவுல மலை மாதிரி எழும்பும், என் நண்பனுக்கு எழும்பாது. ஆனா அவன் கை பெருசாத் தெரியுது. ஏன்?

சட்டை போட்டிருக்கும்போதும் கையைத் தொங்கவிட்டிருக்கும்போதும் நீளச் சதைக்காரர் ஜெயிப்பார். கையை மடக்கி இறுக்கும்போது குட்டைச் சதைக்காரர் ஜெயிப்பார். சுருங்கும் சதை குறைந்த நீளத்துக்குள் திரள்வதால் நடுவில் கூம்பாக எழுகிறது. இரு பக்கமும் நாண் தாழ்ந்திருப்பதால் அந்த எழுச்சி இன்னும் உயரமாகத் தெரிகிறது.

1967 முதல் 1969 வரை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் பெற்ற செர்ஜியோ ஒலிவாவின் கையையும், 1970-இல் அவரிடமிருந்து பட்டத்தைக் கைப்பற்றிய அர்னால்டின் கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒலிவாவுக்கு முழங்கை வரை நிறைந்த சதை. அர்னால்டுக்கு நடுவில் எழும் சிகரம். இருவரும் உழைப்பில் குறைந்தவர்கள் இல்லை.

"கீழ்ப் பைசெப்ஸ்"க்குன்னு பிரீச்சர் கர்ல் பண்ணச் சொல்றாங்க. அது பள்ளத்தை நிரப்புமா?

இதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, அதுதான் பிரச்சினை.

ஒரு தசை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தடிப்பதில்லை. கை நீண்டிருக்கும் நிலையில் தசைக்குப் பளு அதிகமாக விழும் பயிற்சிகளில் சதையின் கீழ்ப்பகுதி சற்றுக் கூடுதலாகத் தடித்ததாகச் சில அளவீடுகள் உண்டு. பிரீச்சர் பெஞ்சில் கடினமான இடம் கை ஏறக்குறைய நீண்டிருக்கும்போது வருவதால் அதற்குக் "கீழ்ப் பைசெப்ஸ்" பயிற்சி என்ற பெயர் வந்தது. ஆகவே, இருக்கிற சதையின் கீழ் ஓரம் சற்றுத் தடிக்கலாம். எல்லைக்கோடு அப்படியேதான் இருக்கும். மூன்று விரல் இடைவெளி இரண்டு விரலாகாது.

பள்ளத்தை மறைக்க வேண்டும் என்றால் அதைச் சுற்றியுள்ள மற்ற இரண்டு தசைகளைப் பாருங்கள். பைசெப்ஸுக்கு அடியில் படுத்திருக்கும் பிரேக்கியாலிஸ், சதையாகவே முழங்கைக்கு வெகு அருகில் வரை இறங்கி வரும். அது தடித்தால் மேலிருக்கும் நாணைத் தூக்கிவிடும், பக்கவாட்டிலும் பிதுங்கித் தெரியும். அது ரேடியஸில் ஒட்டாமல் பக்கத்து எலும்பான அல்னாவில் ஒட்டுகிறது. அதனால் உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அதன் இழுப்பு மாறாது. உள்ளங்கையைக் கீழே திருப்பிச் செய்யும் ரிவர்ஸ் கர்லில் பைசெப்ஸ் பின்வாங்கும். இது முன்னே வரும். இன்னொன்று பிரேக்கியோரேடியாலிஸ். முன்கையில் கட்டைவிரல் பக்கம் தெரியும் அந்தச் சதை உண்மையில் முழங்கைக்கு மேலே, மேல்கை எலும்பில் தொடங்குகிறது. அது தடிக்கும்போது பள்ளத்தின் வெளிப்பக்கம் தானாக நிரம்பும். ஹேமர் கர்லும் ரிவர்ஸ் கர்லும் இரண்டுக்கும் பொருந்தும்.

என்னிடம் வந்த ஒருவர் ஒரு வருடம் வாரம் மூன்று நாள் பிரீச்சர் மட்டும் செய்திருந்தார். பள்ளம் குறையவில்லை என்பதோடு, மேலே சதை தடித்ததால் பள்ளம் முன்னைவிட ஆழமாகத் தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை.

பயிற்சியால நெம்புதூரம் கொஞ்சம்கூட மாறாதா?

எலும்பில் ஒட்டிய இடம் நகராது. ஆனால் நெம்புதூரம் என்பது நாண் ஓடும் கோட்டுக்கும் மூட்டு மையத்துக்கும் உள்ள தூரம். அடியில் இருக்கும் சதை தடித்து அந்தக் கோட்டை எலும்பிலிருந்து சற்றுத் தள்ளினால் தூரம் மில்லிமீட்டர் கணக்கில் கூடும். மேல்கையின் பின்புறமுள்ள ட்ரைசெப்ஸில் சதை தடித்தவர்களுக்கு நெம்புதூரமும் கூடுதலாக இருப்பதை ஸ்கேனில் காண முடிகிறது. வரவேற்க வேண்டிய சிறு போனஸ். இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

என் நெம்புதூரத்தை நானே அளக்க முடியுமா?

வீட்டில் முடியாது. ஆய்வகத்தில் இரண்டு வழி. எம்ஆர்ஐ படத்தில் மூட்டு மையத்தையும் நாண் கோட்டையும் குறித்து நேராக அளக்கலாம். இல்லையென்றால் அல்ட்ராசவுண்டில் சதை முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே மூட்டைத் தெரிந்த கோணத்துக்குத் திருப்பி, அந்த இடம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கலாம். 30 பாகை திருப்பும்போது அது 2 சென்டிமீட்டர் நகர்ந்தால், 30 பாகைக்குரிய ரேடியன் மதிப்பு 0.52; 2-ஐ 0.52-ஆல் வகுத்தால் சுமார் 3.8 சென்டிமீட்டர். இரண்டாவது வழியில் நாண் இழுபட்டு நீள்வதால் பிழை நுழையும். அதனால் தசையை இறுக்காமல், வேறொருவர் மூட்டைத் திருப்பும்போது அளப்பார்கள்.

கெண்டைக்கால் மட்டும் வளரவே மாட்டேங்குது. இதுவும் அதே கதையா?

அதே கதைதான், இன்னும் கறாராக. பின்னங்காலின் மேலே தெரியும் கெண்டைச் சதை இரண்டு தலைகள் கொண்டது. உட்பக்கத் தலை வெளிப்பக்கத்தைவிடச் சற்றுக் கீழே இறங்கும். அந்தச் சாய்வு எல்லோருக்கும் உண்டு, குறையென்று நினைக்க வேண்டாம். இரண்டும் எங்கே முடிகின்றன என்பதில்தான் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். சிலருக்குக் காலின் மேல் மூன்றிலொரு பங்கிலேயே சதை முடிந்து, அதன்பின் குதிகால் வரை நீண்ட நாண். அவர் எவ்வளவு செய்தாலும் மேலே ஓர் உருண்டை, கீழே ஒரு குச்சி.

அடியில் சோலியஸ் என்ற தட்டைத் தசை இருக்கிறது. அதன் சதை கெண்டையைவிடக் கீழே வரை வரும். அது தடித்தால் இரு ஓரங்களிலும் பிதுங்கிக் காலின் கீழ்ப்பாதிக்கு அகலம் தரும். முட்டியை நேராக வைத்து நின்று குதிகால் உயர்த்தினால் இரண்டுமே வேலை செய்யும். முட்டியை மடக்கி உட்கார்ந்து செய்தால் கெண்டை தளர்ந்துபோய்ப் பெரும்பாலும் சோலியஸ்தான் உழைக்கும். நேரம் குறைவென்றால் நின்று செய்வதையே வைத்துக்கொள்வேன்.

ஒரு கணக்கு மட்டும். 70 கிலோ ஆள் ஒற்றைக் காலில் முன்பாதத்தில் நிற்கிறார். கணுக்காலிலிருந்து முன்பாதம் 13 சென்டிமீட்டர், நாணின் நெம்புதூரம் 5 சென்டிமீட்டர். நாணில் விழும் இழுப்பு 70 × 13 ÷ 5, அதாவது 182 கிலோ. இதை நாம் படியேறும்போதெல்லாம் செய்கிறோம். பழகிப்போன தசைக்கு லேசான எடையில் இருபது முறை உயர்த்துவது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆகவே குறைசொல்லும் முன் எடையையும் குதிகாலை முழுக்க இறக்கும் ஆழத்தையும் சரிபாருங்கள். உழைப்பு போதாததையும் சதை குட்டையாக இருப்பதையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலின் மிகத் தடித்த இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். சுற்றளவு கூடியும் வடிவம் மாறவில்லை என்றால் அது சதையின் நீளம். சுற்றளவே கூடவில்லை என்றால் பயிற்சியைப் பாருங்கள்.

சிக்ஸ்பேக் கோணலா வருது. இதுக்குப் பயிற்சி இருக்கா?

இல்லை. வயிற்றுத் தசையைக் குறுக்கே வெட்டும் நாண் பட்டைகள் எத்தனை, நேராக ஓடுகின்றனவா, இடமும் வலமும் ஒரே உயரத்திலா என்பதெல்லாம் பிறவியிலேயே அமைவது.

முன்னாடி ரெண்டு கையும் ஒரே மாதிரி இருந்துச்சு. போன வாரம் ஒரு கையில மட்டும் இடைவெளி பெருசாயிடுச்சு. இதுவும் அமைப்புதானா?

இல்லை, இதற்கு உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அமைப்பு ஒரு வாரத்தில் மாறாது. கனமான எதையோ பிடித்திருக்கும்போது கை வலுக்கட்டாயமாக நீட்டப்பட்டு, முழங்கைப் பக்கம் "டப்" என்று ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்திருந்தால், கீழ் நாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். டெட்லிஃப்டில் ஒரு உள்ளங்கையை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் பிடிப்பவர்களுக்கு, முன்னோக்கிய கையில் இது நேர்வதுண்டு. சதை தோள்பக்கம் சுருண்டு ஏறும், முழங்கை மடிப்பில் ரத்தக்கட்டு பரவும், திருகாணி முடுக்குவதுபோல உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் பலம் குறையும்.

மருத்துவர் முழங்கையை மடக்கி உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொல்லி, வெளிப்பக்கத்திலிருந்து தன் ஆட்காட்டி விரலை நாணுக்கு அடியில் கொக்கிபோல மாட்டிப் பார்ப்பார். முழு நாண் இருந்தால் விரல் மாட்டும். அறுந்திருந்தால் மாட்ட ஒன்றும் இருக்காது. தோள்பக்க நாண் அறுந்தால் கதை தலைகீழ்: சதை முழங்கையை நோக்கி உருண்டு இறங்கும், இடைவெளி குறையும்.

கீழ் நாண் அறுந்தால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் சேர்த்துத் தைப்பது எளிது. தள்ளிப்போட்டால் நாண் சுருங்கி, சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்படி ஆபரேஷன்ல நாணைக் கொஞ்சம் தள்ளி ஒட்டச் சொன்னா பலம் கூடுமே?

கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் இதற்குப் பதில் அறுவை மேசையிலேயே கிடைத்திருக்கிறது. பைசெப்ஸின் நாண் ரேடியஸ் மேட்டின் உச்சியில் ஒட்டுவதில்லை. அந்த உச்சியைத் தாண்டி மேட்டின் பின்புறமாக, அல்னா பக்கம் ஒட்டுகிறது. முன்கை திரும்பும்போது மேடு, ஒரு பக்கம் புடைத்த கேம் சக்கரம் போல நாணை வெளியே தள்ளித் திருப்பும் பலம் தருகிறது. அறுந்த நாணைத் திரும்பப் பொருத்தும்போது எளிதாக எட்டும் முன்பக்கத்தில் பொருத்திவிட்டால், மடக்கும் பலம் பெரிதாகக் கெடாது. ஆனால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் அசைவின் கடைசிப் பகுதியில் பலம் குறைந்துவிடுகிறது. சில மில்லிமீட்டர் முன்னே நகர்ந்ததற்கு இவ்வளவு. முழங்கையிலிருந்து தள்ளி ஒட்டினாலோ, சதைக்கு எட்டாத தூரத்தை எட்டச் சொல்லி இழுத்துக் கட்டியதாகும். கையை முழுக்க நீட்டவே வராது.